டெக்கைப் போனில் பேசுவது: வாசிப்பதா, சுருக்குவதா, கவிழ்ப்பதா?

நாங்கள் விற்பது உணவகச் சில்லருக்குள் ஒட்டி வைக்கும் ஒரு சின்ன சென்சார். உள்ளே சூடு ஏறினால் முதலாளி போனுக்கு அலாரம் வரும், அவ்வளவுதான். அதற்கு 14 ஸ்லைடில் ஒரு டெக் இருக்கிறது. நேரில் காட்டினால் நன்றாகவே எடுபடும். அதையே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு, பஃபலோ ரோடு பக்கத்துக் கடைகளுக்குப் போனில் பேசுகிற மாதிரி எழுதித் தரச் சொன்னார்கள், மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம், ஸ்லைடு வரிசையிலேயே எழுதுவது. கம்பெனி வரலாறு, வாடிக்கையாளர் லோகோக்கள், அப்புறம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி பெருகும் என்ற விளக்கம், பிறகுதான் சரக்கு. வாய்விட்டு வாசித்து நேரம் பார்த்தேன், ஒன்பது நிமிடத்தைத் தாண்டியது. லோகோ வரிசையைக் கண் ஒரு நொடியில் பார்த்துவிடும், காதில் அது வெறும் பெயர்ப் பட்டியல். கிருமி விஷயமோ இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவருக்குப் பாடம் எடுப்பது போல ஆகிவிடும். மூன்றாவது ஸ்லைடு வருவதற்குள் "மெயில் அனுப்புங்க தம்பி" என்று வந்துவிடும், அப்படி வந்தால் அவர் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரு நிமிடத்துக்குச் சுருக்குவது. கேட்க நன்றாகத்தான் இருக்கும், முழுதாகவும் கேட்பார்கள். ஆனால் பேசி முடித்த பிறகும் அந்தக் கடையில் எத்தனை சில்லர், ராத்திரி யார் இருப்பார்கள் என்று நமக்கு ஒன்றும் தெரியாது. "யோசிச்சு சொல்றேன்" என்பார், பதில் சொல்ல நம் கையில் எதுவும் இருக்காது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: டெக்கைக் கவிழ்ப்பது. ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு பதில். எந்தக் கேள்விக்கு அது பதில் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனால், 14-ல் கம்பெனி வரலாறு, விருது மாதிரி ஏழெட்டு ஸ்லைடுக்குக் கேள்வியே இருக்காது, ஏனென்றால் யாரும் கேட்காத விஷயங்கள் அவை. அவற்றைத் தூக்கிவிடலாம்.

ஆறாவது ஸ்லைடு "24 மணி நேரக் கண்காணிப்பு" என்கிறது. போனில் அது இப்படி மாறும்: "அண்ணே, ராத்திரி கடை மூடின பிறகு சில்லர் நின்னு போச்சுன்னா, உங்களுக்கு எப்ப தெரியவரும்?" ஒன்பதாவது, வீணாகும் பொருள் குறையும் என்று காட்டும் வரைபடம்: "கடைசியா அப்படி ஆனப்ப எவ்வளவு சரக்கைத் தூக்கிப் போட்டீங்க?" இந்த வரிசை முக்கியம். இரண்டாவது கேள்வியை முதலில் கேட்டால் கணக்கு விசாரிக்க வந்தவன் மாதிரி இருக்கும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதனால் தாளில் கேள்விக்குக் கீழே நான்கு வரி காலியாகவே விட்டேன். ஒரு முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீனும் மட்டனுமா ஒரு 600 வெள்ளி இருக்கும்" என்றார். எங்கள் வரைபடத்தில் இருந்த எந்த எண்ணுக்கும் அந்த மதிப்பு இல்லை.

இந்த விதத்திலும் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லுக்குச் சொல் எழுதித்தான் வைக்க வேண்டும், பதற்றத்தில் உளறுவது அங்கேதான். தொடக்கம்: "வணக்கம் அண்ணே, சில்லர் அலாரம் வைக்கிற இன்ன கம்பெனியிலேர்ந்து இன்னார் பேசுறேன். அரை நிமிஷத்துல எதுக்குக் கூப்பிட்டேன்னு சொல்றேன், வேணாம்னா வச்சுடலாம்." மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் கூப்பிட்டால் இதுவும் எடுபடாது, மூன்று மணிக்கு மேல்தான் சரி. (கடைக்கு, கடை வேலையாக அழைப்பது வேறு. தனிநபர் எண்ணுக்கு விற்பனை அழைப்பு என்றால், 2014 முதல் நடப்பில் இருக்கும் 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டை முதலில் பார்த்தாக வேண்டும்.)

முடிவில் விற்கப் பார்க்காதீர்கள், நேரம் மட்டும் வாங்குங்கள். அவர் சொன்ன எண்ணை அவரிடமே திருப்பிக் கொடுத்து: "ஒரு ராத்திரியில 600 வெள்ளி போச்சுன்னீங்க. ஒரு சென்சாரை எடுத்துட்டு வந்து ஒரு வாரம் உங்க சில்லர்லயே வச்சுப் பார்க்கலாம். செவ்வாய் மூணரைக்கு வரட்டுமா, புதன் தோதா?" அதற்கும் "மெயில் அனுப்புங்க" என்று வந்தால், "அனுப்புறேன் அண்ணே, அதுல முக்கியமா எதைப் பார்ப்பீங்க, விலையா, வேலை செய்யற விதமா?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் சொன்னால் இன்னும் பேச்சு ஓடுகிறது, "எல்லாம் அனுப்புங்க" என்றால் அங்கேயே விட்டுவிடலாம்.

இந்த மூன்றாவது விதத்துக்கும் ஒரு குறை உண்டு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேள்வியைக் கேட்டுவிட்டு, எதிர்பாராத பதில் வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். "எனக்குச் சில்லர் கெட்டதே இல்லையே" என்றால் என்ன சொல்வது? அதற்கு மட்டும் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "நல்லது அண்ணே, அப்ப ராத்திரி யாராவது வந்து பார்த்துக்கறாங்களா?" ஆமாம் என்றால் அந்த ஆளின் சம்பளம் பற்றிப் பேச்சு நகரும், இல்லை என்றால் முதல் கேள்விக்கே திரும்பிவிடலாம். பெரிய கேட்டரிங் கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர் எடுத்தால் கதை வேறு. அவர் சென்சாரின் துல்லியம், பேட்டரி, உத்தரவாதம் என்று வரிசையாகக் கேட்பார், அங்கே முதல் விதத்தில் எழுதிய தாளை எடுத்து வாசிப்பதுதான் வேலைக்கு ஆகும்.