காலையில் ஊதும் கண்: இரண்டு வருடம் குளிர்துணி, ஆறு கிழமை கண் கிறீம்

கல்லடியில் இருக்கிறேன், பாடசாலை ஆசிரியை. காலையில் எழும்பினால் கீழிமை இரண்டும் ஊதியிருக்கும். "ராவு அழுதியா பிள்ளை?" என்று அம்மா கேட்பா. இரண்டாம் பாடம் முடிய, ஒன்பது மணிபோல, அது தானாக வற்றிவிடும். எனக்குக் காரணத்தைக் காட்டியதே அந்த வற்றுதல்தான். படுத்திருக்கும்போது உடம்பு நீர் முகத்துக்கு வந்து தேங்குகிறது. கண்ணைச் சுற்றிய தோல் மிக மெல்லியது என்பதால் அங்கேதான் முதலில் தெரிகிறது. எழுந்து நடமாட அது இறங்கிவிடும்.

மோசமான காலைகளை நாட்காட்டியில் வட்டமிட்டு வந்தேன். அநேகமாக எல்லாமே முதல் நாள் இரவு பிந்திச் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்புக்கு அடுத்த நாள். உப்பு நீரைப் பிடித்து வைக்கும். கருவாட்டை மத்தியானத்துக்கு மாற்றி, இன்னொரு தலையணை வைத்துப் படுத்ததிலேயே பாதி குறைந்தது.

மீதிக்குக் குளிர். முதலில் ஐஸ் கட்டியை நேரே வைத்து, தோல் சிவந்து இரண்டு நாள் எரிந்தது. இப்போது பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறேன், ஃப்ரீசரில் இல்லை. காலையில் சாய்ந்து உட்கார்ந்து, அழுத்தாமல், ஐந்து முதல் பத்து நிமிடம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். எனக்கு ஏழு மணிக்குள் வற்றிவிடுகிறது. ஆனால் அது அன்றைக்கு மட்டும்தான்; அடுத்த நாள் வீக்கத்தைத் தடுக்காது.

கண் கிறீமுக்கு வருவோம். பாமசியில் 15 மில்லி குப்பிக்குக் கொடுத்த காசு, என் பெரிய முகக் கிறீமின் விலையைவிட அதிகம். ஆறு கிழமை வலக்கண்ணுக்குக் கண் கிறீம், இடக்கண்ணுக்கு வாசனையில்லாத முகக் கிறீம். எது எந்தப் பக்கம் என்று சொல்லாமல், ஞாயிறுதோறும் யன்னலடியில் நின்று அம்மாவிடம் கேட்டேன். ஒரு கிழமைகூட அவவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு லேபலிலும் தண்ணீருக்கு அடுத்து கிளிசரின்தான். கண் கிறீமில் கூடுதலாக இருந்த கஃபீன் கொஞ்ச நேரம் தோலை இறுக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம் உண்மை. வாசனை சேர்த்த பழைய முகக் கிறீமை இமையோரம் பூசிய நாட்களில் கண் எரிந்து, விடிய இன்னும் ஊதியது. அப்படியான கிறீம்தான் உங்களிடம் இருந்தால் கண்ணுக்கு வேறொன்று வேண்டும். எதைப் பூசினாலும் அரிசியளவு, இமை ரோமத்துக்குக் கிட்டப் போகாமல், கண்குழி எலும்பின் மேல்.

அம்மாவும் என் துணியை வைத்துப் பார்த்தா. அவவின் கண்ணடிப் பை காலையிலும் மாலையிலும் ஒரே அளவு. அது நீர் அல்ல, வயதோடு முன்னுக்குத் தள்ளும் கொழுப்பு. குளிரும் கிறீமும் அதைத் தொடாது. கண் அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். வீக்கம் பகலிலும் வற்றாமல், காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, காய்ச்சலும் வந்தால் துணி வைத்துக்கொண்டு இருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.