கேமரா லென்ஸில் "லேசா தூசி" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். எனக்கு 46,000 ரூபாய் போய்விட்டது

இன்னும் கை நடுங்குகிறது. பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் பார்த்து, நிக்கான் D7200 கேமரா பாடியும் 70-300 லென்ஸும் சேர்த்து 46,000 ரூபாய்க்கு வாங்கினேன். விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "எஃப் மவுண்ட், ஷட்டர் கவுண்ட் 7,400, லென்ஸில் லேசா தூசி, ஒரிஜினல் பேட்டரி, ஹூட் உண்டு."

விற்றவர் சாயங்காலம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து கொடுத்தார். "நானும் கல்யாண வேலை பாக்குறவன்தாண்ணே, தொழில்காரனைத் தொழில்காரன் ஏமாத்துவானா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன், சுத்தமாகத்தான் தெரிந்தது. நாலு படம் எடுத்தேன், நன்றாக வந்தது. அங்கேயே பணத்தை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை தனுஷ்கோடியில், கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைக் கூட்டம். வெயிலுக்கு எதிரே எடுத்த ஒவ்வொரு படத்திலும் பால் ஊற்றின மாதிரி வெள்ளை. வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. இந்த வகை நிக்கான் லென்ஸைக் கழற்றினால் உள்ளே வெளிச்சம் போகும் அபர்ச்சர் ஓட்டை சுருங்கிக்கொள்ளும். நான் பார்த்தது நடுவில் இருந்த அந்தச் சின்ன ஓட்டையை மட்டும். பின்பக்கம், கேமராவில் மாட்டும் மவுண்டுக்குள் இருக்கும் லீவரை விரலால் தள்ளி, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்தேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகப் பூஞ்சை. தூசி என்றால் தனித்தனிப் புள்ளியாக இருக்கும், இப்படி வேர் விடாது.

ஷட்டர் கவுண்ட், அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற கணக்கு, அதுவும் பொய். ஃபைல் பெயரில் இருந்த DSC_7400-ஐத்தான் கணக்காகச் சொல்லியிருக்கிறார். அது 9999 ஆனதும் மறுபடி 0001-இலிருந்து ஓடும். ஒரிஜினல் படத்தைக் கவுண்ட் காட்டும் தளத்தில் ஏற்றினேன், 1,16,000-ஐத் தாண்டியிருக்கிறது. அந்த ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் ஆயுளே 1,50,000தான். பேட்டரியும் டூப்ளிகேட்.

போன் செய்தேன். முதலில் "தூசிதாண்ணே, படத்துல விழாது." அப்புறம் "உங்க ஊர் உப்புக் காத்துல வந்திருக்கும்." ஒரே ராத்திரியில் பூஞ்சை வலை பின்னுமா? பிறகு எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களிடம் சொன்னால், நேரில் கைமாறியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே பதில், மூன்று முறை. சர்வீஸ் செய்கிறவரிடம் காட்டினேன். பிரித்துத் துடைக்கலாம், ஆனால் பூஞ்சை கண்ணாடியின் கோட்டிங்கை அரித்திருந்தால் அது திரும்பாது என்கிறார். 46,000 ரூபாய், இரண்டு கல்யாண சீசனில் சேர்த்த பணம்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. லீவரைத் தள்ளி டார்ச் அடித்துப் பாருங்கள். வெயிலுக்கு எதிரே ஒரு படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பும் படத்தில் கவுண்ட் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதையெல்லாம் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.