எனாமல் கோப்பைகள்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை ஒதுக்க வேண்டும்

அடியில் ஓட்டை விழுந்த எனாமல் கோப்பையை ஹட்டனில் ஈயம் வைத்து அடைத்து வந்த நண்பர் ஒருவர், அதில் இனித் தேத்தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டார். கூடாது. தகர வேலைக்குக் காலங்காலமாகப் பயன்பட்டு வரும் பற்றாசு வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. தேசிக்காய் பிழிந்த பிளேன்டீ அதன்மேல் நிற்கும்போது காரீயம் கரைந்து கலக்கும். உருக்குலையாத கோப்பையைவிட, செப்பனிட்ட கோப்பையே இங்கு ஆபத்தானது.

நீல விளிம்புள்ள என் வெள்ளைக் கோப்பையைப் பல வருடங்களாகப் புழங்குகிறேன். அடுப்பில் நேரே வைக்கலாம், எந்த வாடையும் ஏறாது. ஆனால் உதடு படும் இடத்திலேயே பூச்சு உதிர்வது மட்டும் எனக்குத் தீராத எரிச்சல். உதிர்ந்த இடத்தில் கறுப்பாகத் தெரிந்தாலே நஞ்சு என்று சொல்வோரை நம்ப வேண்டாம். வெள்ளைக்குக் கீழே, கண்ணாடிப் பூச்சை இரும்போடு பிணைக்கும் கருமையான அடிப்பூச்சு ஒன்று உண்டு. நகத்தால் தடவும்போது வழுவழுப்பாக இருந்தால் அது இன்னும் இருக்கிறது. சொரசொரப்பாகிப் பழுப்புத் துரு தெரிந்தால் இரும்பு வெளிப்பட்டுவிட்டது. துரு நஞ்சல்ல என்றாலும், அந்த விளிம்பிலிருந்து கண்ணாடிச் சில்லு தொடர்ந்து உதிரும். ஆகவே சமைக்கும் சட்டியின் உட்புறம் உதிர்ந்தால் அதை ஒதுக்குவேன். வெளிப்புறம் உதிர்ந்தால் பொருட்படுத்த மாட்டேன்.

உண்மையில் அஞ்ச வேண்டியது நிறத்துக்கே. பளிச்சென்ற சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் பூச்சுகளில் காட்மியம் இருக்கக்கூடும். பூச்சின் மேல் ஒட்டிச் சுட்ட பழைய பூவேலைகளில் காரீயம் இருக்கக்கூடும். காட்மியம் சிறுநீரகத்தில் படிந்து பல வருடங்கள் தங்கும். காரீயத்துக்குக் குழந்தைகளிடம் தீங்கற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை. நிறம் வெளியே மட்டும் இருந்து, உள்ளேயும் உதட்டருகிலும் வெள்ளையாக இருந்தால் அவ்வளவு கவலையில்லை.

எங்கள் வீட்டுச் செம்மஞ்சள் கிண்ணம் உள்ளேயும் செம்மஞ்சள்தான். தேசிக்காய் ஊறுகாய் அதில் கிடந்தது; கழுவியபோது, புளிப்பு நின்ற மட்டம் வரை மினுமினுப்பு மங்கி வளையமிட்டிருந்தது. புளிப்பு பூச்சை அரித்ததற்கு அந்த வளையமே சான்று. ஆய்வுக்கூடத்தில் 4 வீத அசற்றிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைத்து, கரைந்த உலோகத்தை அளப்பதும் இந்த இயல்பை நம்பித்தான். ஆனால் மங்காத பாத்திரம் பாதுகாப்பானது என்று இதைத் தலைகீழாக்கிச் சொல்ல முடியாது. கடையில் கிடைக்கும் காரீயச் சோதனைக் குச்சி காட்மியத்தைக் காட்டாது. சிவப்புப் பூச்சில் தேய்த்தால் அதன் சாயமே குழப்பும்.

கிண்ணத்தில் இப்போது ஆணிகள் கிடக்கின்றன. கொரக்காப் புளிக் கறியை எந்த நிற எனாமலிலும் இரவு முழுவதும் வைப்பதில்லை. வெள்ளைக் கோப்பைக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி தருவேன். ஆனாலும் புதிதாக வாங்கக் கேட்பவருக்கு, அந்த விளிம்பின்மேல் எனக்குள்ள கோபம் தீரும்வரை, எவர்சில்வரையே சொல்வேன்.