நோக்கம், வினா, கருதுகோள்: மூன்றும் ஒரே சொல்லில் நிற்க எந்த மெய்ப்பு முறை உதவும்?

கல்வியியல் ஆய்வு முன்மொழிவு ஒன்றில் இப்படி மூன்று வாக்கியங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

நோக்கம்: 11-ஆம் வகுப்பு மாணவர்களின் கைபேசிப் பயன்பாடு தூக்கத்தின் தரத்தில் ஏற்படுத்தும் தாக்கத்தை அறிதல்.

வினா: இரவில் கைபேசி பார்க்கும் நேரத்துக்கும் வளரிளம் பருவத்தினரின் உறக்க அளவுக்கும் தொடர்பு உண்டா?

கருதுகோள்: திரை நேரம் அதிகமுள்ள மாணவர்களுக்கும் குறைவாக உள்ள மாணவர்களுக்கும் இடையே தூக்கப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

தனித்தனியாகப் படித்தால் மூன்றிலும் பிழை தெரியாது. எழுத்துப்பிழை இல்லை, சந்தி சரி, வாக்கியமும் தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு ஆய்வுகளைப் பற்றிப் பேசுகின்றன. பள்ளியில் கட்டுரை எழுதும்போது ‘ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே’ என்று பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் கட்டுரைக்கு நல்லது, முன்மொழிவுக்குக் கெடுதல். இங்கே சொல் மாறினால் அளக்கப்படும் பொருளே மாறிவிடுகிறது.

இதைப் பிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படிப்பது, வாக்கியங்களைப் பிரித்து அட்டவணையில் அடுக்குவது, கணினியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடுவது. மூன்றுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

பெரும்பாலானோர் முதலில் எடுப்பது வாய்விட்டுப் படிப்பதைத்தான். இந்த வகைப் பிழைக்கு மூன்றிலும் பலவீனமான வழி இதுவே. எழுதியவருக்குத் தாம் சொல்ல வந்தது மனத்தில் இருக்கிறது. ‘உறக்க அளவு’ என்று கண் பார்த்தாலும் ‘தூக்கத்தின் தரம்’ என்றே மனம் எடுத்துக்கொள்ளும். மேலும், நோக்கம் ஒரு பக்கத்திலும் கருதுகோள் மூன்று பக்கம் தள்ளியும் இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் முதல் வாக்கியத்தின் சரியான சொல் நினைவில் இருக்காது, பொருள் மட்டுமே இருக்கும். எத்தனை முறை படித்தாலும் பிழை தப்பிவிடுவது இதனால்தான்.

அட்டவணை இந்தச் சிக்கலை நேராகத் தீர்க்கிறது. ஆனால் அதிலும் இரண்டு விதம் உண்டு. நோக்கம், வினா, கருதுகோள் மூன்றையும் முழு வாக்கியமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைப்பது ஒரு விதம். பல துறைகளில் இப்படித்தான் கேட்கிறார்கள். அதில் முழு வாக்கியம் கண்முன் நிற்பதால், பழைய மயக்கம் கொஞ்சம் மிஞ்சவே செய்கிறது. வாக்கியத்தை உடைத்து, யார், எது காரணமாகக் கருதப்படுவது, எது அளக்கப்படுவது, இரண்டுக்கும் என்ன உறவு என்று நான்கு கட்டங்களில் போடுவது இன்னொரு விதம். நம் எடுத்துக்காட்டை அப்படிப் போட்டுப் பார்க்கலாம்.

| | யார் | காரணி | அளக்கப்படுவது | உறவு |
|---|---|---|---|---|
| நோக்கம் | 11-ஆம் வகுப்பு மாணவர்கள் | கைபேசிப் பயன்பாடு | தூக்கத்தின் தரம் | தாக்கம் |
| வினா | வளரிளம் பருவத்தினர் | இரவில் கைபேசி பார்க்கும் நேரம் | உறக்க அளவு | தொடர்பு |
| கருதுகோள் | மாணவர்கள் | திரை நேரம் | தூக்கப் பழக்கம் | வேறுபாடு |

இப்போது ஒவ்வொரு நெடுவரிசையையும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். நான்கிலும் பிளவு தெரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி வளரிளம் பருவம் 10 முதல் 19 வயது வரை. 11-ஆம் வகுப்பு அதில் ஒரு சிறு துண்டுதான். திரை நேரம் என்றால் தொலைக்காட்சியும் மடிக்கணினியும் சேர்ந்துவிடும். உறக்க அளவு என்பது எத்தனை மணி நேரம் என்ற கணக்கு. எட்டு மணி நேரம் தூங்கியிருந்தும் தூக்கத்தின் தரம் மோசமாக இருக்கலாம்.

கடைசி நெடுவரிசைதான் மிகவும் ஆபத்தானது. தாக்கம் என்றால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்ற உரிமைகோரல். தொடர்பு என்றால் இரண்டும் சேர்ந்து மாறுகின்றன என்பது மட்டுமே. அதற்கு ஒட்டுறவுக் கெழு போதும். வேறுபாடு என்றால் மாணவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தாக வேண்டும். எந்த மணிக்கணக்கில் பிரிப்பது என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும், அதற்கு டி-சோதனை வரும். ஆகவே மூன்று சொல்லில் எதை வைத்துக்கொள்வது என்பதை அழகு பார்த்து முடிவுசெய்யக் கூடாது. ஆய்வு முறை இயலைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்காமல், ஒரே ஒரு முறை வினாப்படிவம் கொடுத்துத் தரவு திரட்டுவதாக எழுதியிருந்தால் ‘தொடர்பு’ என்ற சொல்லுக்குத்தான் இடம். நோக்கத்தில் ‘தாக்கம்’ கம்பீரமாக ஒலிக்கலாம். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

அட்டவணையை நிரப்பும்போது இரண்டு கவனம் தேவை. சொற்களை மூலக் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். தட்டச்சு செய்தால் கை தானாகவே சொல்லைச் சீராக்கிவிடும், பிழை கோப்பிலேயே தங்கிவிடும். இரண்டாவது, எல்லாக் கட்டத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். ‘மாணவர்களின் தூக்கத்தின் தரம் எந்த நிலையில் உள்ளது என அறிதல்’ என்பது விவரிக்கும் நோக்கம். அதற்கு வினா உண்டு, கருதுகோள் தேவையில்லை. மூன்று நோக்கத்துக்கு இரண்டு கருதுகோள் இருப்பது குறையல்ல. எண்ணிக்கை சமமாக இருக்கட்டும் என்று ஒட்டிவைக்கும் கருதுகோளைச் சோதிக்க வழியே இருக்காது.

அட்டவணைக்கு எட்டாத ஒரு பிழையும் இருக்கிறது. அது திசைப் பிழை. தூக்கத்தின் தரத்தை அளக்கப் பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீட்டைப் பலர் பயன்படுத்துகிறார்கள். 1989-இல் வெளியான கருவி அது. மொத்த மதிப்பெண் 0 முதல் 21 வரை, 5-ஐத் தாண்டினால் தூக்கம் மோசம் என்று பொருள். அதாவது மதிப்பெண் கூடினால் தரம் குறைகிறது. கைபேசி நேரம் கூடக் கூடத் தூக்கத்தின் தரம் குறையும் என்று ஒரு கருதுகோள் இருந்தால், மதிப்பெண்ணில் அது நேர்த்தொடர்பாகத் தெரியும். ஆனால் முன்மொழிவில் ‘எதிர்த்தொடர்பு இருக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். தரத்தைச் சொல்கிறார்களா, மதிப்பெண்ணைச் சொல்கிறார்களா என்பது தெளிவாகாது. எனவே அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்து, ‘மதிப்பெண் கூடினால் என்ன பொருள்’ என்று எழுதிவைப்பது நல்லது.

அட்டவணை மூன்று வாக்கியங்களைத்தான் சீராக்கும். தலைப்பு, சுருக்கம், கலைச்சொல் வரையறை, ஆய்வு முறை என்று முன்மொழிவின் மற்ற இடங்களில் பழைய சொல் ஒளிந்திருக்கும். அங்கே சொல் தேடலுக்கு ஈடில்லை. ஆனால் தமிழில் தேடுவது ஆங்கிலத்தில் தேடுவது போலல்ல. வேர்டில் `Ctrl+F` அழுத்தித் ‘தாக்கம்’ என்று தேடினால் தாக்கத்தை, தாக்கத்தால் எதுவும் அகப்படாது. வேற்றுமை உருபு ஏறும்போது மாறாத பகுதியை மட்டும் தேட வேண்டும். ‘தாக்க’ என்று வெட்டித் தேடினால் எல்லாம் வரும். ‘பயன்பாடு’ என்பது பயன்பாட்டை, பயன்பாட்டிற்கு என்று இரட்டிப்பதால் ‘பயன்பா’ வரை வெட்டுங்கள். ‘தூக்க’ என்று போட்டால் தூக்கத் தரம், தூக்கத்தின் தரம், சேர்த்து எழுதிய தூக்கத்தரம் மூன்றும் வரிசையாக வரும். எது நம் சொல் என்று அங்கேயே முடிவு கட்டலாம். கூடவே ‘உறக்க’, ‘நித்திரை’, ‘துயில’ என்று ஒருபொருட் சொற்களையும் தேட மறக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரிகிற சொல்லைத் தேடல் காட்டாமல் போவதும் உண்டு. ‘தொடர்பு’ என்பதில் உள்ள ‘தொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பலர் பல விசைப்பலகையில் எழுதிய கோப்பில் இது அடிக்கடி நேரும். தேடல் தவறவிட்ட சொல்லை அப்படியே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பார்த்தால் மீதி இடங்களும் வெளிவரும். பழைய எழுத்துருவில் தட்டி ஒட்டிய பத்தியாக இருந்தால் இதுவும் பலிக்காது. முதலில் அதை ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும்.

தேடலாம், ஆனால் ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானைத் தொட வேண்டாம். ‘தாக்க’ என்பதைத் ‘தொடர்ப’ என்று ஒரேயடியாக மாற்றினால் ‘தாக்கத்தை’ என்பது ‘தொடர்பத்தை’ ஆகிவிடும். அதைவிட மோசம், முந்தைய ஆய்வுகளின் தலைப்பும் மேற்கோளும்கூட மாறிவிடும். பிறர் எழுதிய தலைப்பில் ‘தாக்கம்’ என்று இருந்தால் அது அப்படியேதான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதற்கு ஆகும் நேரம் வீணல்ல.

இவ்வளவும் முடிந்தபின் வாக்கியங்கள் இப்படி நிற்கும். நோக்கம்: 11-ஆம் வகுப்பு மாணவர்களின் இரவுக் கைபேசி நேரத்துக்கும் தூக்கத்தின் தரத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிதல். வினா: 11-ஆம் வகுப்பு மாணவர்களின் இரவுக் கைபேசி நேரத்துக்கும் தூக்கத்தின் தரத்துக்கும் எத்தகைய தொடர்பு உள்ளது? கருதுகோள்: 11-ஆம் வகுப்பு மாணவர்களின் இரவுக் கைபேசி நேரத்துக்கும் தூக்கத்தின் தரத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை. இது இன்மைக் கருதுகோள் என்பதால் திசை சொல்லவில்லை.

வாய்விட்டுப் படிக்க வேண்டிய நேரம் இப்போதுதான். சொற்கள் சீரானதும் நடை இறுகிப்போயிருக்கும், அது காதுக்குத்தான் தெரியும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள், இணைப்புச் சொற்களை மாற்றுங்கள், வினைமுற்றை மாற்றுங்கள். நான்கு கட்டத்துச் சொற்களில் மட்டும் கை வைக்காதீர்கள். நீளமான தொடர் உறுத்தினால், அதற்கு ஒரு குறும்பெயர் வைத்து வரையறைப் பகுதியில் ஒருமுறை சொல்லிவிடலாம். ‘இரவுக் கைபேசி நேரம்’ அப்படி வந்ததுதான்: இரவு ஒன்பது மணி முதல் தூங்கப் போகும்வரை கைபேசித் திரையைப் பார்க்கும் நிமிடங்கள். ‘இது’, ‘அவை’ என்று சுட்டுவது நடையை இலகுவாக்கும். ஆனால் முன் வாக்கியத்தில் நேரம், தரம் இரண்டும் இருக்கும்போது ‘இது’ எதைச் சுட்டுகிறது என்று தெரியாது. நோக்கங்கள் எல்லாம் ஒரே முடிவில் இருக்கின்றனவா என்பதையும் காது சொல்லும். ‘கண்டறிதல்’, ‘ஒப்பிடுதல்’ என்று போகும் வரிசையில் ‘ஆராயப்படும்’ என்று ஒன்று வந்தால் இடறும்.

வேறொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதை நாலாவது வழியாகச் சொல்வார்கள். முழு முன்மொழிவைக் கொடுத்தால் அவரும் எழுத்துப்பிழைதான் திருத்தித் தருவார். தலைப்பை மறைத்து, மூன்று வாக்கியங்களை மட்டும் கொடுத்து, ‘இதில் யாரிடம் எதை அளக்கப் போகிறேன், சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவர் தயங்கும் சொல்தான் திருத்த வேண்டிய சொல். இதற்கு ஐந்து நிமிடம் போதும், அவர் உங்கள் துறையைச் சேர்ந்தவராக இருக்கவும் தேவையில்லை.

ஓர் இடத்தில் மட்டும் சீராக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். மாணவர் கையில் கொடுக்கும் வினாப்படிவத்திலும் பெற்றோர் ஒப்புதல் படிவத்திலும் ‘ராத்திரி எவ்வளவு நேரம் செல்போன் பார்ப்பீர்கள்?’ என்று இருந்தால் அப்படியே விடுங்கள். பதில் சொல்பவருக்குப் புரிவதுதான் அங்கே முக்கியம். அந்தக் கேள்விதான் ‘இரவுக் கைபேசி நேரம்’ என்பதை அளக்கிறது என்ற ஒரு வரியை ஆய்வுக் கருவி பற்றிய பகுதியில் சேர்த்துவிட்டால், நெறியாளருக்கும் குழப்பம் இருக்காது.