ஃப்ளாட் கைக்கு வரத் தாமதமானால்: ரெராவா, நுகர்வோர் ஆணையமா?

என் சித்தப்பா மகள் 2020-ல் சென்னையின் தெற்கு ஓரத்தில் 1,050 சதுர அடி ஃப்ளாட் ஒன்றை புக் செய்தாள். மொத்த விலை 58 லட்சம். பில்டர் சலுகை மாதங்களையும் சேர்த்து 2022 டிசம்பருக்குள் வீட்டை ஒப்படைப்பதாகக் கட்டுமான ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தேதிக்குள் அவள் 48 லட்சம் கட்டிவிட்டாள். சாவி கைக்கு வந்தது 2024 ஆகஸ்டில். இருபது மாதத் தாமதம். அந்த இருபது மாதமும் வங்கிக்கு வட்டி போனது, வாடகை வீட்டுக்கு மாதம் 14,000 ரூபாயும் போனது. “அண்ணா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறதா, ரெராவுக்குப் போறதா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க” என்று கேட்டாள். ரெரா என்பது ரியல் எஸ்டேட் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம், அதன் கீழ் இயங்கும் ஆணையத்துக்கும் அதே பெயர்தான். இரண்டு கதவும் அவளுக்குத் திறந்தே இருந்தன. எந்தக் கதவுக்குள் என்ன கிடைக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

சட்டப்படி இரண்டுமே செல்லும். வீடு கட்டிக் கொடுப்பதும் ஒரு சேவைதான், அதில் தாமதம் சேவைக் குறைபாடுதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. 2016-ல் ரெரா சட்டம் வந்ததும், இனி வீடு வாங்கியவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்கு வரக்கூடாது என்று பில்டர்கள் வாதாடினார்கள். 2020 நவம்பரில் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் அந்த வாதம் தள்ளுபடியானது. ரெரா அடைப்பது சிவில் நீதிமன்றத்தின் கதவைத்தான். எங்கே போவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு. ஆனால் ஒரே கோரிக்கையை இரண்டு இடத்திலும் ஓட்ட முடியாது. அதனால் முதல் மனு போடும் முன் யோசிப்பதுதான் நல்லது.

முதலில் பணக்கணக்கைப் பார்ப்போம். பில்டரின் ஒப்பந்தத்தில் தாமதத்துக்குச் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று ஒரு வரி இருந்தது. அதாவது மாதம் 5,250, இருபது மாதத்துக்கு 1,05,000. அதே ஒப்பந்தத்தில், வாங்குபவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி! ரெராவின் 18-வது பிரிவு இந்தச் சமமின்மையை ஒப்புக்கொள்வதில்லை. வீட்டை வேண்டாம் என்று சொல்லாமல் காத்திருந்தவருக்கு, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் பில்டர் வட்டி தரவேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி அந்த வட்டி, எம்சிஎல்ஆர் எனப்படும் எஸ்பிஐயின் அடிப்படைக் கடன் வட்டியில் உச்ச விகிதத்தோடு 2 சதவீதம். கணக்குக்காக 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 48 லட்சத்துக்கு மாதம் 40,000. இருபது மாதத்துக்கு 8 லட்சம். மனவேதனையை நிரூபிக்க வேண்டாம், வாடகை ரசீது காட்ட வேண்டாம். தேதி தவறியதையும் பணம் கட்டியதையும் காட்டினால் போதும்.

நுகர்வோர் ஆணையத்தில் இப்படி எழுதி வைத்த விகிதம் இல்லை. ஆணையம் தன் விருப்புரிமைப்படி முடிவு செய்யும். டிஎல்எஃப் சதர்ன் ஹோம்ஸ் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்திலிருந்த சதுர அடி கணக்கோடு சேர்த்து, ஆண்டுக்கு 6 சதவீதம் இழப்பீடு தரச் சொன்னது. நம் உதாரணத்தில் அதே முறையைப் பொருத்தினால் 6 சதவீதத்துக்கு 4.8 லட்சமும், சதுர அடி கணக்கில் 1.05 லட்சமும், ஆக 5.85 லட்சம் வரும். ஒப்பந்த வரி நியாயமற்றது என்றால் ஆணையம் அதைத் தாண்டிப் போகலாம் என்பது முக்கியமான வெற்றிதான். ஆனால் வெறும் தாமத வட்டியை மட்டும் பார்த்தால், எண்ணை முன்கூட்டியே சொல்லக்கூடிய இடம் ரெராதான்.

நுகர்வோர் ஆணையத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே தாமதம், மனவேதனை, வழக்குச் செலவு, டைல்ஸ் சரியில்லாதது, சொன்ன கார் பார்க்கிங் தராதது என எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதலாம். ரெராவில் கதவு ஒன்றானாலும் உள்ளே இரண்டு அறை. பணத்தைத் திரும்பப் பெறுவதும் தாமத வட்டியும் ரெரா ஆணையத்தின் முன் படிவம் எம்-ல். இழப்பீடு என்றால் தீர்ப்பு அலுவலர் முன் படிவம் என்-ல். நியூடெக் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையைத் தெளிவாக்கியது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு மனு, இரண்டு கட்டணம், இரண்டு விசாரணை. வட்டியே தாமதத்துக்கு ஈடு என்றிருக்கையில் வாடகை எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதனால் படிவம் என்-ல் வட்டி ஈடுகட்டாத நஷ்டத்தைத் தனியாகக் காட்ட வேண்டியிருக்கும்.

நுகர்வோர் ஆணையத்தில் எந்தப் படி என்பதில் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேட்கும் இழப்பீட்டை வைத்துப் படி பிரிப்பதில்லை, கொடுத்த பணத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். 2021 டிசம்பரில் வந்த விதிப்படி 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். எங்கள் ஊரில் பில்டர்கள் நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இரண்டாகப் போட்டு வந்தார்கள். தங்கையின் கட்டுமான ஒப்பந்தத்தில் மட்டும் பார்த்தால் 30 லட்சம்தான் தெரியும். ஆனால் வீட்டுக்காகக் கொடுத்தது இரண்டும் சேர்த்துத்தான். மனுவில் இரண்டையும் கூட்டிக் காட்டாவிட்டால், பின்னால் “இது உங்கள் வரம்பில் வராது” என்ற ஆட்சேபணை வந்து ஒரு வருடம் வீணாகும். மனு போடும்போது முழு 58 லட்சமும் கட்டி முடிந்திருந்தால், கணக்கு மாநில ஆணையத்துக்குப் போகும். அவளுடைய 48 லட்சத்துக்கு மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் 1,000 ரூபாய். தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, `e-Jagriti` தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

இன்னொரு விஷயம், காலக்கெடு. நுகர்வோர் மனுவை, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வீடு கைக்கு வராத வரை அந்தக் காரணம் தொடர்ந்துகொண்டே இருக்கும் என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் சாவி வாங்கிவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். தங்கைக்கு 2026 ஆகஸ்ட்தான் எல்லை. ரெரா சட்டத்தில் இப்படி ஒரு கெடு எழுதப்படவில்லை. அதற்காகத் தள்ளிப்போடுவது சரியல்ல.

தீர்ப்புக்குப் பிறகுதான் இரண்டும் நன்றாக வேறுபடுகின்றன. ரெராவில் தோற்ற பில்டர் மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால், வீடு வாங்கியவருக்குத் தரவேண்டிய முழுத் தொகையையும் தீர்ப்பாயத்தில் முன்கூட்டியே கட்ட வேண்டும். மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக 50 சதவீதம் கட்டினால் போதும். அதனால் சும்மா இழுத்தடிப்பதற்காகப் போடும் அப்பீல் ரெராவில் குறையும். வசூலில் நிலைமை தலைகீழ். ரெரா உத்தரவை நில வருவாய் பாக்கி போல வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் சான்றிதழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், தாசில்தார் மேஜையில் மற்ற கோப்புகளோடு காத்திருக்கும். நுகர்வோர் சட்டத்தின் 72-வது பிரிவோ, உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடம் தருகிறது. வாரண்ட் வரும் என்று தெரிந்ததும் பல நாள் வராத காசோலை அன்றே வருவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சொத்து இல்லாத, ஆனால் பெயர் கெடப் பயப்படும் சின்ன பில்டரிடம் இதுதான் வேலை செய்யும்.

சின்ன பில்டர் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் என்றால் ரெராவில் பதிவு தேவையில்லை. சென்னையில் பழைய தனி வீட்டை இடித்து நான்கு, ஆறு ஃப்ளாட் கட்டும் வேலைகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் வரும். அங்கே ரெராவை நம்பிப் போனால் முதல் கேள்வியிலேயே சிக்கல். அவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான் சரியான இடம். எதிர்ப்பக்கத்தில், விற்று லாபம் பார்க்க ஐந்து ஃப்ளாட் வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்தில் நுகர்வோரே அல்ல என்று ஆகலாம், ஏனென்றால் வணிக நோக்கம் அங்கே விலக்கு. ரெராவில் வாங்கிய நோக்கத்தை யாரும் கேட்பதில்லை.

இரண்டுமே பயன்படாத நிலையும் உண்டு. பில்டர் கம்பெனி மீது திவால் நடவடிக்கை தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் ஏற்கப்பட்டுவிட்டால், இரண்டு இடத்திலும் வழக்கு நின்றுவிடும். அப்போது உரிமைக் கோரிக்கையைத் திவால் அலுவலரிடம்தான் கொடுக்க வேண்டும். மனு போடும் முன் கம்பெனி பெயரை அந்தத் தீர்ப்பாயத்தின் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

என் கணக்கு இதுதான். பதிவான பெரிய திட்டம், வீடு வேண்டும், தாமத வட்டி மட்டும் போதும் என்றால் ரெரா. பதிவில்லாத சின்னத் திட்டம், அல்லது தாமதத்தோடு தரக் குறையும் பல இருந்தால் நுகர்வோர் ஆணையம். தங்கை படிவம் எம் போட்டாள்.

அவளைக் காப்பாற்றியது ஒரு சின்ன விஷயம். சாவி தரும் நாளில் பில்டர் அலுவலகத்தில் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். நான்காவது பத்தியில், “தாமதம் தொடர்பாக எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று இருந்தது. டிஎல்எஃப் வழக்கில், பத்திரப் பதிவு முடிந்ததாலேயே இழப்பீட்டு உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தனியாகச் சமரசம் செய்துகொண்டவர்களுக்கு அதே வழக்கில் பலன் கிடைக்கவில்லை. அவள் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ஓரத்தில் நீல மையில் எழுதினாள்: “தாமத வட்டிக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் சாவியைப் பெற்றுக்கொள்கிறேன்.” தேதி போட்டு, கையெழுத்திட்டு, நகலை மொபைலில் படமெடுத்துக்கொண்டு வந்தாள்.