தொட்டவுடன் கலர் விட்ட குங்குமப்பூ

விற்றவர் என் கண்ணெதிரிலேயே சோதித்துக் காட்டினார், அதனால்தான் ஏமாந்தேன். கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி நாலு இழை போட்டார். போட்ட மாத்திரத்தில் செக்கச்செவேலென்று நிறம் கீழே வழிந்தது. "பாத்தீங்களா சார், என்ன கலர்!" என்றார். நானும் வாயைப் பிளந்து வாங்கிவிட்டேன்.

வீட்டில் அதே இழைகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். பக்கத்தில் இன்னொரு டம்ளரில், நண்பர் கொடுத்த நம்பகமான குங்குமப்பூ. என்னுடையது பத்து வினாடியில் தண்ணீரைச் சிவப்பாக்கியது. அரைமணியில் இழை வெளுத்து நூல் மாதிரி கிடந்தது. நண்பருடையது முதலில் அசையவே இல்லை. சில நிமிடம் கழித்துத்தான் இழையைச் சுற்றி மஞ்சள் படர ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீர் பொன்மஞ்சள், இழை சிவப்பு. குரோசின் என்ற இயற்கை நிறமி அப்படித்தான் நிதானமாகக் கரையும். வெந்நீரில் அசலும் வேகமாக நிறம் விடும் என்பதால், அவர் வெந்நீர் எடுத்ததே தந்திரம் என்று இப்போது புரிகிறது.

ஊறிய இழையைப் பிரித்துப் பார்த்தேன். அசல் இழை ஒரு முனையில் ஊதுகுழல் வாய்போல விரியும். என்னுடையது தட்டையான இதழ்த் துண்டு. குசும்பாப்பூவின் இதழுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வாயில் போட்டால் கசப்பில்லை, மணமும் இல்லை.

மஞ்சள் சாயம் ஏற்றியிருந்தால் தண்ணீரும் மஞ்சளாகவே இருந்திருக்கும். அதனால் தண்ணீரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் நிறம் விடுகிறது, இழை வெளுக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அவரிடமே மிளகாய்த்தூளும் வாங்கியிருந்தேன். கலக்காமல் தண்ணீர் மேல் தூவினேன். சிவப்புக் கோடு எதுவும் கீழே இறங்கவில்லை. அப்பாடா என்றிருந்தேன். ஆனால் மிளகாயின் சொந்த நிறம் எண்ணெயில் கரைவது, தண்ணீரில் கரையாது. கலப்படத்துக்குச் சேர்க்கும் சூடான் என்ற செயற்கைச் சாயங்களும் அப்படியே. கோடு இறங்கினால் தண்ணீரில் கரையும் சாயம் இருக்கிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. சூடானை ஆய்வகம்தான் பிடிக்கும். அடியில் படிந்ததை விரலால் தேய்த்தபோது நறநறவென்றது. செங்கல்தூளோ மணலோ, தெரியவில்லை.

மஞ்சள்தூளிலும் இதே சிக்கல். நல்ல தூள் பெரும்பாலும் அடியில் படிந்து, மேலே வெளிர் மஞ்சள் தண்ணீர் நிற்கும். மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயம் கலந்திருந்தால் தண்ணீர் முழுக்க அடர்மஞ்சள் ஆகும். ஈயம் கலந்த லெட் குரோமேட்டோ தண்ணீரில் கரையாது, டம்ளரில் சத்தமில்லாமல் தப்பிவிடும். சூடான், மெட்டானில் மஞ்சள், லெட் குரோமேட் மூன்றிலும் கடைசியாகச் சொன்னதுதான் மோசமான விஷம்.

திரும்பிப்போய்க் கேட்டதற்கு, "புதுச் சரக்கு சார், அதான் கலர் சீக்கிரம் விடுது" என்றார். பணம் வரவில்லை.