பாரிட்டி பிட்டுகளை இடையில் செருகுவதா, கடைசியில் சேர்ப்பதா?

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் நான் பாடம் சொல்லித்தரும் பாலிடெக்னிக் மாணவர்களிடையே ஆண்டுதோறும் ஒரு வாக்குவாதம் எழும். எட்டு பிட் நினைவகச் சொல்லில் ஒரு பிட் பிழையைத் திருத்த நான்கு பாரிட்டி பிட்டுகள் தேவை. அவற்றை 1, 2, 4, 8 ஆகிய இடங்களில் செருகுவதா, தரவுக்குப் பின்னால் வரிசையாக வைப்பதா என்பதே அந்த வாக்குவாதம்.

1950-இல் ஹாமிங் வெளியிட்ட முறை முதலாவது. இட எண்ணை இருமத்தில் எழுதினால் எந்தெந்த இலக்கங்கள் 1 ஆக உள்ளனவோ, அந்தந்தக் குழுக்களில் அந்த இடம் சேரும். இரண்டின் அடுக்குகளாக அமைந்த இடங்கள் மட்டும் ஒவ்வொன்றும் ஒரேயொரு குழுவில் இருப்பதால், ஒவ்வொரு பாரிட்டி பிட்டையும் மற்றவற்றைச் சாராமல் கணக்கிடலாம். 10110010 என்ற தரவை 3, 5, 6, 7, 9, 10, 11, 12 ஆகிய இடங்களில் நிரப்பி, ஒவ்வொரு குழுவிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வருமாறு பாரிட்டி இட்டால் கிடைப்பது இது:

```
இடம்        1 2 3 4 5 6 7 8 9 10 11 12
எழுதியது    1 0 1 0 0 1 1 1 0 0  1  0
படித்தது    1 0 1 0 0 0 1 1 0 0  1  0
```

படித்த சொல்லில் 1-ஆம் குழுவில் (1, 3, 5, 7, 9, 11) நான்கு 1-கள் இருப்பதால் பிழையில்லை. 2-ஆம் குழுவில் (2, 3, 6, 7, 10, 11) மூன்று இருப்பதால் பிழை. 4-ஆம் குழுவில் (4, 5, 6, 7, 12) ஒன்றே இருப்பதால் பிழை. 8-ஆம் குழுவில் (8 முதல் 12 வரை) இரண்டு இருப்பதால் சரி. பிழையுள்ள குழுவுக்கு 1, சரியான குழுவுக்கு 0 என்று பெரிய குழுவிலிருந்து எழுதினால் கிடைக்கும் சிண்ட்ரோம் 0110, அதாவது 6. ஆறாம் இடத்தைப் புரட்டினால் சொல் சரியாகிவிடும்.

இதே பிட்டுகளை 10110010 1001 என்று பின்னால் சேர்த்து எழுதினாலும் சிண்ட்ரோம் 6-தான் வரும். ஆனால் கெட்டது மூன்றாவது தரவு பிட் என்று அறிய ஒரு அட்டவணை வேண்டும். தாளில் இது தொல்லைதான். சுற்றிலோ, இரு அமைப்புகளிலும் ஒவ்வொரு தரவு பிட்டுக்கும் சிண்ட்ரோமை ஒரு நிலையான எண்ணோடு ஒப்பிடும் வாயில் வேண்டியிருப்பதால், வேறுபாடு கம்பி எங்கே போகிறது என்பது மட்டுமே. எனவே நினைவக வடிவமைப்புக்குப் பின்னால் சேர்ப்பதே என் தேர்வு: தரவு இடம் மாறாது, பாரிட்டியைத் தனிச் சில்லில் வைக்கலாம். 72 பிட் அகல நினைவகப் பலகைகளில் 64 தரவு பிட்டுகளுக்கு அப்பால் உள்ள எட்டும் இதற்கானவையே. கையால் கணக்கிட்டுப் பழகுவோருக்கு முதல் முறையே நல்லது.

அதிலும் ஒரு பொறி உண்டு. சென்ற முறை ஒரு மாணவர் பூச்சியத்திலிருந்து எண்ணும் அணியில் சிண்ட்ரோமை அப்படியே இட்டு, ஏழாம் இடத்தைப் புரட்டிவிட்டார். திருத்திய சொல்லை மறுபடி சோதித்தபோது 0001 வந்ததே குட்டை உடைத்தது. பூச்சியம் என்ற இட எண்ணே இதில் கூடாது. அங்கே பிழை நேர்ந்தால் சிண்ட்ரோமும் பூச்சியமாகி, பிழையே இல்லாததுபோல் தோன்றும்.

இரண்டு பிட்டுகள் கெட்டால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. 6, 11 இரண்டும் கெட்டால் சிண்ட்ரோம் 13. பன்னிரண்டுக்கு மேல் இடமில்லை என்பதால் பிடித்துவிடலாம். 3, 6 கெட்டால் 5 வரும். சுற்று நல்ல பிட்டைப் புரட்டி மூன்றாவது பிழையையும் சேர்த்துவிடும். இதைக் கண்டுகொள்ள மொத்தச் சொல்லுக்கும் பொதுவாக பதின்மூன்றாவது பிட்டாக ஒரு பாரிட்டி வேண்டும்: சிண்ட்ரோம் பூச்சியமல்ல, மொத்த பாரிட்டி மட்டும் சரி என்றால் திருத்தாமல் நிறுத்த வேண்டியதுதான்.